சாப்பு இருந்தது, சத்தியம் இல்லை

எங்கள் திருமணச் சான்றிதழ் ஒரே ஒரு பக்கம். இரண்டு பேர், இரண்டு ஐசி நம்பர், ஒரு தேதி, சாட்சிகளின் பெயர், பதிவாளர் கையெழுத்து, அவ்வளவுதான். இந்த ஒரு பக்கத்தை மலாயிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி, அதைக் கனடா குடிநுழைவுத் துறை ஏற்றுக்கொள்வதற்குள் எனக்கு எட்டு மாதம் ஓடிவிட்டது. மொழிபெயர்ப்பு மூன்று தடவை நடந்தது.

கணவர் டொரோண்டோ பக்கம் வேலை செய்கிறார். படிக்கப் போன இடத்திலேயே நிரந்தரவாசி தகுதி கிடைத்து, அதற்கப்புறம் 2023இல் ஊருக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். மனைவியை அங்கே அழைத்துக்கொள்ள அவர்தான் ஸ்பான்சர். விண்ணப்பத்துக்கு IMM 5533 என்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. எந்தக் காகிதம் வேண்டும், எந்த வடிவத்தில் வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும். திருமணச் சான்றிதழ் அதில் ஒரு வரி. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத எந்த ஆவணத்துக்கும் என்னென்ன சேர்க்க வேண்டும் என்பது வேறொரு பகுதியில் இருக்கிறது. நான் அந்த ஒரு வரியைப் படித்தேன். அந்தப் பகுதியைப் படிக்கவில்லை.

நான் பட்டர்வொர்த்தில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காகிதம் பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மொழிபெயர்ப்புக் கடை ஒன்றுக்கு வாட்சப்பில் படம் அனுப்பினேன். இரண்டு நாளில் தபாலில் வந்துவிட்டது. நல்ல கெட்டிக் காகிதம், மேலே கம்பெனி பெயர், கீழே நீல மையில் வட்டச் சாப்பு, பக்கத்தில் 'உறுதி செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு' என்று ஆங்கிலத்தில் இன்னொரு சாப்பு. இதைவிட என்ன வேண்டும்? ஸ்கேன் செய்து, அசல் சான்றிதழின் கலர் ஸ்கேனையும் கூடவே வைத்து ஏற்றிவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று திரும்பி வந்தது. வேறு எதிலும் குறை சொல்லவில்லை. மொழிபெயர்ப்போடு மொழிபெயர்ப்பாளரின் அஃபிடவிட், அதாவது சத்தியப் பிரமாணப் பத்திரம் இல்லை. அசலின் உறுதி செய்யப்பட்ட நகலும் இல்லை. இரண்டே குறைதான்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. 'உறுதி செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு' என்று சாப்பு இருக்கிறதே! அன்று ராத்திரி உட்கார்ந்து அந்தப் பகுதியை வரி வரியாகப் படித்த பிறகுதான் தப்பு எங்கே என்று தெரிந்தது. நம் ஊரில் உறுதி என்றால் சாப்பு. அந்தத் துறை சாப்பைப் பார்ப்பதில்லை, சாப்புக்குப் பின்னால் நிற்கிற ஆளைப் பார்க்கிறது. மொழிபெயர்த்தவர் ஒரு தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில் அங்கீகாரம் பெற்ற உறுப்பினராக இருந்து, அவருடைய முத்திரையில் உறுப்பினர் எண் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் அவர் நேரில் போய், சத்தியம் வாங்க அதிகாரம் உள்ள ஒருவர் முன்னால், 'இது அசலில் உள்ளதன் உண்மையான மொழிபெயர்ப்பு' என்று பிரமாணம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு வந்த காகிதத்தில் கம்பெனி பெயர் இருந்தது, பதிவு எண் இருந்தது. மொழிபெயர்த்த மனிதர் யார் என்று எங்கேயும் இல்லை. கையெழுத்து ஒரு கிறுக்கல், அதற்குக் கீழே பெயர் இல்லை.

கடைக்குப் போன் போட்டு அஃபிடவிட் கேட்டேன். மொழிபெயர்ப்பவர் கோலாலம்பூரில் இருக்கிறார், பகுதிநேரமாகச் செய்கிறார், அவரை எல்லாம் கூட்டிவர முடியாது என்றார்கள். வேண்டுமானால் 'அழுத்தமான' இன்னொரு சாப்பு போட்டுத் தருகிறோம் என்றார்கள். நான் சிரித்துவிட்டேன். கடைக்காரர்கள் ஏமாற்றவில்லை. உள்ளூர் வேலைக்கு அந்தச் சாப்பு செல்லும், அவர்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதற்குத்தான் வருவார்கள். எந்த நாட்டுக்கு என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சரி, நேரில் வரக்கூடிய ஆள் வேண்டும். என் பெரியப்பா மகள் மலாய் பட்டதாரி, இடைநிலைப் பள்ளியில் ஆசிரியை, பத்திரிகைகளுக்கெல்லாம் மொழிபெயர்த்தவர். அக்காவைவிட யார் நன்றாகச் செய்யப்போகிறார்கள்? ஒரே மாலையில் செய்து கொடுத்தார். உறுதி செய்யப்பட்ட நகலுக்கு, நாம் வழக்கமாகப் போகும் இடத்துக்கே போனேன். நான் படித்த தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர் அசலைப் பார்த்து, நகலில் 'சாலினான் டியாகுயி சா' என்று சாப்புக் குத்தி, கையெழுத்துப் போட்டு, தேநீரும் கொடுத்து அனுப்பினார். அடுத்தது சத்தியம். எங்கள் வீட்டுக்கு நாலு கடை தள்ளி 'பெசுருஜாயா சும்பா' என்று பலகை மாட்டிய அலுவலகம் ஒன்று உண்டு. அக்காவும் நானும் போனோம். மேசையில் இருந்த பெண், பிரமாணம் என்றதும் தயாராக இருந்த ஒரு படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கிவிட்டார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்து வெயிலில் நின்று படித்துப் பார்த்தேன். அது சூராட் அக்குவான். முழுக்க மலாயில்.

மலாய் காகிதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததற்குச் சாட்சியாக மலாயில் ஒரு காகிதம்! அதை ஏற்றினால், அதையும் மொழிபெயர்க்கச் சொல்வார்கள். அந்த மொழிபெயர்ப்புக்கு இன்னொரு பிரமாணம். அக்கா அங்கேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. மொழி மட்டும் பிரச்சினை இல்லை. சூராட் அக்குவான் என்பது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் சட்டபூர்வ அறிவிப்பு. அஃபிடவிட் வேறு வகைப் பத்திரம். நம் பக்கம் அன்றாட வேலைகளுக்குக் கேட்பது பெரும்பாலும் முதலாவதுதான், அதனால் பிரமாணம் என்றாலே கை தானாக அந்தப் படிவத்துக்குப் போகிறது. ஆங்கிலத்தில் முறையாக எழுதிய அஃபிடவிட்டை நாங்களே தயாரித்துக் கொண்டுபோயிருந்தால், அந்த அதிகாரி முன்னாலேயே கையெழுத்துப் போட்டிருக்கலாம். சத்தியம் வாங்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் நகலை உறுதி செய்ய, வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கனடா சொல்வது நோட்டரி பப்ளிக். இரண்டு வேலைக்கும் ஒரே இடம் என்றால் நோட்டரிதான் என்று முடிவு செய்தேன்.

நோட்டரி பப்ளிக் என்பவர் வேறு, பெசுருஜாயா சும்பா வேறு. நோட்டரி கட்டாயம் வழக்கறிஞராக இருப்பார், சட்டத்துறைத் தலைவர் நியமித்தவராக இருப்பார். எல்லா லோயரும் நோட்டரி இல்லை, பலகையில் பார்த்துத்தான் போக வேண்டும். ஜார்ஜ் டவுனில் லெபோ லைட் உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் லோயர் அலுவலகங்கள் நிறைய. ஃபெர்ரி ஏறி அந்தப் பக்கம் போனோம், அக்கா, நான், ஒரு கோப்பு நிறையக் காகிதம்.

நோட்டரி ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர். அக்காவின் மொழிபெயர்ப்பை நிதானமாகப் படித்தார், நன்றாக இருக்கிறது என்றார். பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"அக்கா."

"கூடப் பொறந்தவங்களா?"

"இல்லங்க ஐயா, பெரியப்பா மகள்."

பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டார்.

"கனடாவுக்குத்தானம்மா? அவங்க பட்டியல பாத்தீங்களா?"

பார்த்திருக்கவில்லை. விண்ணப்பதாரரே மொழிபெயர்க்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பட்டியல் அதோடு நிற்கவில்லை. பெற்றோர், காப்பாளர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பிள்ளைகள் மட்டுமல்ல. அத்தை, மாமா, சித்தி, சித்தப்பா வகையறா, அவர்கள் பிள்ளைகள், நம் உடன்பிறந்தோரின் பிள்ளைகள், யாரும் செய்யக் கூடாது. எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் கூடாது. நகலை உறுதி செய்வதற்கும் குடும்பத்தார் ஆகாது. நம் வீடுகளில் பெரியப்பா மகள் என்றால் அக்கா, அத்தோடு பேச்சு முடிந்தது. அதற்குத் தனியாக ஒரு பெயர் வைத்து தூரத்தில் நிறுத்தும் வழக்கம் நமக்கு இல்லை. அவர்கள் மொழியில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, அந்தச் சொல் பட்டியலிலும் இருக்கிறது. அக்காவின் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர் இல்லை, அதனால் அங்கே யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்கவில்லை. ஆனால் சத்தியம் செய்யப்போகிறவர் அக்கா. அவர் தலையில் அதை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

அந்த நோட்டரிதான் ஒருவரைச் சொன்னார். பிறையில் இருக்கிற ஓய்வு பெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். முப்பது வருடம் கூண்டில் நின்றவர்கள் பேசியதை மலாயிலும் ஆங்கிலத்திலும் மாற்றிச் சொன்னவர். நாங்கள் அவரை ஐயா என்றே கூப்பிட்டோம்.

ஐயா வீட்டு வராந்தாவில் அந்தச் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் அவர் சாப்புகளை எண்ணினார். மேலே அரசுச் சின்னம் ஒன்று. பதிவாளர் கையெழுத்துக்கு மேல் பாதி ஏறி நிற்கிற வட்டச் சாப்பு ஒன்று. கீழே பெயர், பதவி உள்ள நீளச் சாப்பு ஒன்று. மூலையில் எண். அப்புறம் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அதற்கு முன் நான் ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. "காகிதத்துல மை பட்ட இடமெல்லாம் மொழிபெயர்ப்புல வரணும்மா" என்றார். கடை கொடுத்த காகிதத்தை எடுத்து ஒப்பிட்டேன். சின்னமும் இல்லை, சாப்பும் இல்லை, கையெழுத்து இருந்த இடத்தில் வெறும் கோடு. அக்காவும் நீளச் சாப்பை மொழிபெயர்த்திருந்தார், வட்டத்தை விட்டுவிட்டார்.

அந்த வட்டச் சாப்பில் ஒரு பக்கம் மை பரவி எழுத்து தெரியவில்லை. இன்ன துறையின் பெயராகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தெரியும். ஐயா ஊகித்து எழுத மறுத்துவிட்டார். சதுர அடைப்புக்குள் 'வட்ட முத்திரை, ஒரு பகுதி படிக்க முடியவில்லை' என்று ஆங்கிலத்தில் போட்டார். கையெழுத்துக்கு 'கையொப்பமிடப்பட்டது', சின்னத்துக்கு 'மலேசிய அரசுச் சின்னம்'. தெரியாததைத் தெரியாது என்று எழுதிய மொழிபெயர்ப்பைத்தான் பார்க்கிறவர் நம்புவார் என்பது அவர் கணக்கு.

அடுத்தது பெயர். இந்த ஒரு இடத்தில் நம் ஊர் இந்தியர்கள் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும். சான்றிதழில் என் கணவர் பெயருக்கு நடுவில் A/L, என் பெயருக்கு நடுவில் A/P. கடைக்காரர்கள் அதை 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்று ஆங்கிலமாக்கியிருந்தார்கள். மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் தப்பே இல்லை. ஆனால் கடப்பிதழில் இருப்பது A/L. படிவத்தில் நாங்கள் நிரப்பியதும் கடப்பிதழில் உள்ளபடி. ஒரே ஆளுக்கு ஒரு காகிதத்தில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர் என்றாகிவிட்டது. ஐயா பெயரைத் தொடவே இல்லை. எழுத்துக்கு எழுத்து அசலில் உள்ளபடி வைத்துவிட்டு, பக்கத்தின் அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று ஒரு வரி சேர்த்தார்: A/L என்றால் மலாயில் 'அனாக் லெலாக்கி', மகன், A/P என்றால் 'அனாக் பெரெம்புவான்', மகள். கனடாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சாய்கோடு என்னவென்று புரிந்தால் போதும், பெயரை அவருக்காக மாற்ற வேண்டியதில்லை.

தேதியில் ஒரு வேடிக்கை. எங்கள் பதிவு மார்ச் மாதம். மலாயில் மார்ச் மூன்றெழுத்துதான், Mac, 'மாச்' என்று படிக்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் பார்த்தால் அதை 'மேக்' என்று படித்து, யாருடைய பெயரோ என்று நினைப்பார். கடைக்காரர்கள் இதைத் தவிர்க்க முழுவதும் எண்ணாகவே போட்டிருந்தார்கள், நாள் முதலில், மாதம் அப்புறம். எங்கள் தேதியில் நாள் பன்னிரண்டுக்குள் வருகிறது. வட அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள் அதிகம். அங்கே அதைத் திருப்பிப் படித்தால் எங்கள் கல்யாணம் வேறொரு மாதத்துக்குப் போய்விடும். ஐயா மாதத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்தாக எழுதினார்.

எழுதிக்கொண்டே, "நீங்க ஃபாரத்துல கல்யாணத் தேதி என்ன போட்டீங்க?" என்று கேட்டார். செப்டம்பர் தேதியைச் சொன்னேன். கோயிலில் தாலி கட்டிய நாள். ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நம்மில் எத்தனை பேர் இப்படித்தான்! ஆர்ஓஎம் முதலில் முடித்துவிடுவோம், மண்டபம் கிடைக்கிற நாளில் தாலி. ஊரைப் பொறுத்தவரை கல்யாணம் என்றால் தாலி கட்டிய நாள்தான். பதிவு செய்த நாளில் மதியம் நான் வேலைக்குப் போயிருந்தேன். ஆனால் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் கீழ் நாங்கள் கணவன் மனைவி ஆனது மார்ச்சில். சான்றிதழ் சொல்வதும் அதைத்தான். முதல் விண்ணப்பத்தில் படிவத்தில் செப்டம்பர், சான்றிதழில் மார்ச். அது அஃபிடவிட்டுக்காகத் திரும்பி வந்தது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. திருத்திய படிவத்தில் மார்ச்சைப் போட்டு, கோயில் சடங்கு செப்டம்பரில் நடந்தது என்பதைத் தனியாக ஒரு விளக்கக் கடிதத்தில் சொல்லிவிட்டோம். படங்கள் எல்லாம் செப்டம்பர் படங்கள், அவற்றுக்கும் அந்தக் கடிதம் உதவியது.

பிறப்புச் சான்றிதழையும் அதே கடையில்தான் கொடுத்திருந்தேன். ஐயா அதையும் வாங்கிப் பார்த்தார். 'கெத்துருனான்: இந்தியா' என்ற வரியைக் கடைக்காரர்கள் 'குடியுரிமை: இந்தியர்' என்று மாற்றியிருந்தார்கள். கெத்துருனான் என்றால் வம்சாவளி. மலேசியக் கடப்பிதழ் வைத்திருக்கிற நான், அந்த ஒரு வரியில் இந்தியப் பிரஜை ஆகியிருந்தேன். இதை எப்படி நான் கவனிக்காமல் விட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மலாயும் ஆங்கிலமும் எனக்குத் தெரியும். வாங்கிய அன்று இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி விரல் வைத்துப் படித்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பேன். சாப்பைப் பார்த்ததும் படிக்கத் தோன்றவில்லை.

மீதி இருந்தது வரிசை. நான் செய்தது, முதலில் மொழிபெயர்ப்பு, அப்புறம் நகலில் சாப்பு. ஐயா அதைத் தலைகீழாக்கினார். தலைமையாசிரியர் குத்திய 'சாலினான் டியாகுயி சா' மலாய்ச் சாப்பு. அந்த நகலைக் கொடுத்தால் அந்தச் சாப்பும் ஆங்கிலம் இல்லாத முத்திரை, அதையும் மொழிபெயர்த்தாக வேண்டும். மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு விழுந்த சாப்பு மொழிபெயர்ப்பில் எப்படி வரும்? அதனால் முதலில் நகல். அசலையும், இரண்டு பக்கமும் எடுத்த நகலையும் கொண்டுபோனோம். நோட்டரி இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, இது அசலின் உண்மை நகல் என்ற வாசகம், அசல் ஆவணத்தின் பெயர், தேதி, தன் பெயர், பதவி, கையெழுத்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் போட்டு முத்திரை அழுத்தினார். அவருடைய முத்திரை ஆங்கிலம், அதை மொழிபெயர்க்கும் வேலை இல்லை.

அந்த நகலைப் பார்த்தே ஐயா மொழிபெயர்ப்பை முடித்தார். பிறகு அவர் பேரில் அஃபிடவிட், ஆங்கிலத்தில், ஒரு பக்கம்கூட வராது. பெயர், ஐசி எண், முகவரி. மலாயும் ஆங்கிலமும் தனக்கு நன்றாகத் தெரியும் என்பது, எந்த வேலையில் எத்தனை வருடம் என்பது. விண்ணப்பதாரருக்கோ ஸ்பான்சருக்கோ தான் உறவில்லை என்பது. இணைப்பில் உள்ள மொழிபெயர்ப்பு, இணைப்பில் உள்ள நகலின் உண்மையான மொழிபெயர்ப்பு என்பது. நகலுக்கு 'ஏ' என்றும் மொழிபெயர்ப்புக்கு 'பி' என்றும் குறி போட்டு, இரண்டிலும் நோட்டரி சிறு கையெழுத்து வைத்தார். இந்தக் குறி இல்லாவிட்டால் அஃபிடவிட் எந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. தனித்தனிக் காகிதங்கள் மூன்று, அவ்வளவுதான். ஐயா நோட்டரியின் கண்ணெதிரில் எழுந்து நின்று வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கூலி கொடுத்தபோது பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஃபெர்ரி டிக்கெட்டுக்கும் மறுநாள் மீன் வாங்கவும் போதும் என்றார்.

ஸ்கேன் செய்யும்போது ஒன்று கவனித்தேன். நோட்டரியின் அழுத்து முத்திரையில் மை கிடையாது, கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சுத்தமாகத் தெரியவில்லை. கலரில், கொஞ்சம் அடர்த்தி கூட்டி எடுத்தபோது மேடு பள்ளம் நிழலாக விழுந்தது. சிலர் பென்சிலால் மெல்லத் தேய்த்துவிட்டு எடுப்பார்களாம், எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. மொழிபெயர்ப்பு, அஃபிடவிட், உறுதி செய்த நகல், அசலின் கலர் ஸ்கேன், நான்கையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, திருமணச் சான்றிதழுக்கான இடத்தில் ஏற்றினோம். தனித்தனியாக வேறு வேறு இடத்தில் போட்டால் பார்க்கிறவர் ஒன்றைத் திறந்து மற்றது இல்லை என்று நினைத்துவிடலாம்.

இடையில் ஓர் ஏஜெண்டு, விஸ்மா புத்ராவிலும் தூதரகத்திலும் சாப்பு வாங்கித் தருகிறேன், அது இல்லாமல் கனடாவில் எடுபடாது என்று பெரிய தொகை கேட்டார். எங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் அப்படி எதுவும் கேட்கவில்லை. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் உண்டு. நாங்கள் அதைச் செய்யவில்லை, அதனால் எதுவும் நிற்கவும் இல்லை.

இந்தத் தடவை திரும்பி வரவில்லை. ஆறாவது வாரம், கோப்பு எண்ணோடு, விண்ணப்பம் பெற்றுக்கொண்டோம் என்ற கடிதம் வந்தது. அங்கே ராத்திரி, இங்கே காலை. கணவர் வாட்சப்பில் அந்த எண்ணை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். கணவர் மெல்பர்னில். "அக்கா, உங்க அஃபிடவிட்ட கொஞ்சம் குடுங்க, அதே மாதிரி அடிச்சிக்கிறேன்" என்றாள். அதைக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை என்று உட்கார வைத்துச் சொன்னேன். ஆஸ்திரேலியா அஃபிடவிட் கேட்பதில்லை. அங்கேயே மொழிபெயர்த்தால், மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தகுதி வழங்கும் NAATI என்ற அமைப்பின் அங்கீகாரம் உள்ளவர் செய்ய வேண்டும். இங்கே செய்தால் அங்கீகாரம் கட்டாயம் இல்லை, ஆனால் மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி, அனுபவம் எல்லாம் மொழிபெயர்ப்பிலேயே இருக்க வேண்டும். பிரிட்டன் வேறு மாதிரி: துல்லியமான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, தேதி, பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம். அமெரிக்காவுக்கு, முழுமையானது, சரியானது, எனக்கு இந்த மொழிகளில் திறமை உண்டு என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், நோட்டரியே வேண்டாம். என் கனடாக் காகிதத்தில் ஐயாவின் தொலைபேசி எண்ணே இல்லை. அதை அப்படியே அடித்திருந்தால் மெல்பர்னுக்கு அது குறைக் காகிதம்.

அவள் முகம் சுருங்கியது. சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னேன். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மங்கலாக ஒரு சாப்பு. "இது என்னக்கா?" என்றாள். ஐயாவுக்குப் போன் போட்டோம்.